வேட்டிக்கு விற்பனைக் குறிப்பு எழுதும் முறை: நீளம், கரை, துணியின் தன்மை, உடுத்தத் தயாரா என்னும் விவரம்

கடைக்கு நேரில் வந்து வேட்டி வாங்குபவர் அதை மேசை மீது விரித்துப் பார்க்கிறார், கரையை விரல் வைத்து அளக்கிறார், துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கிறார், இடுப்போடு சேர்த்து வைத்து உயரம் போதுமா என்று பார்க்கிறார். இணையத்தில் வாங்குபவருக்கு இவற்றில் ஒன்றும் முடியாது. நீங்கள் எழுதும் குறிப்பு மட்டுமே அவர் கைகளுக்கும் கண்களுக்கும் பதிலாக நிற்கிறது. ஆகவே நீளம், அகலம், கரையின் அளவு, துணியின் தன்மை, அப்படியே உடுத்தலாமா அல்லது கட்டிக்கொள்ள வேண்டுமா ஆகியவற்றை அவர் ஐயமின்றி அறியும்படி எழுதுவதே இந்த வேலையின் முழுப் பொருள்.

ஈரோட்டிலோ சேலத்திலோ மொத்தமாகச் சரக்கெடுத்துச் சிறிய அளவில் இணையவழி விற்கத் தொடங்குபவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். விளக்கம் தெளிவாக இருப்பதற்காக ஒரே ஒரு சரக்கை எடுத்துக்கொள்வோம்: பச்சைக் கரையும் அதையொட்டி ஓர் ஒற்றை ஜரிகைக் கம்பியும் ஓடும் வெள்ளைப் பருத்தி இரட்டை வேட்டி. மொத்த வியாபாரி தந்த ரசீதில் ‘4 மீட்டர், ஒன்றரை அங்குலக் கரை, 80-ஆம் நம்பர்’ என்று மட்டும் இருக்கிறது.

அளப்பதற்கு முன்

ரசீதில் உள்ள அளவை அப்படியே குறிப்பில் எழுதக் கூடாது. சரக்குக் கட்டிலிருந்து மூன்று வேட்டிகளை, மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று என எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் முதலில் புதிதாக இருக்கும் நிலையிலேயே அளந்து எடை பார்த்து எழுதி வையுங்கள். பிறகு அவற்றில் ஒன்றைச் சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்துக் கையால் துவைத்து, நிழலில் இழுத்துப் பிடிக்காமல் காயவைத்து, இஸ்திரி போட்டு மறுபடி அளவுங்கள். புது வேட்டி கஞ்சியாலும் மடிப்பு அழுத்தத்தாலும் நீண்டு விறைத்திருக்கும். வாங்குபவர் ஆண்டுக்கணக்கில் கட்டப்போவதோ துவைத்த வேட்டியை. அந்த ஒரு வேட்டி விற்பனைக்கு ஆகாமல் போனாலும், கட்டு முழுவதற்கும் உரிய உண்மையான அளவுகளை அதுவே தருகிறது.

அளக்கும்போது வேட்டியைக் கையில் தொங்கவிட்டு அளக்காதீர்கள். தரையிலோ நீண்ட மேசையிலோ சுருக்கமின்றிப் பரப்பி, இழுக்காமல், கரையோரமாக ஒரு தடவையும் நடுவில் ஒரு தடவையும் அளவுங்கள். இரண்டும் வேறுபட்டால் சிறியதையே எழுதுங்கள்.

நீளம்: முழமும் மீட்டரும்

வேட்டி இன்றும் முழக் கணக்கில்தான் கேட்கப்படுகிறது. வியாபாரத்தில் ஒரு முழம் என்பது 18 அங்குலம். அந்தக் கணக்கின்படி ஒற்றை வேட்டியாகிய நாலு முழம் ஏறத்தாழ 1.83 மீட்டர், இரட்டை வேட்டியாகிய எட்டு முழம் ஏறத்தாழ 3.66 மீட்டர். ஆனால் இதே இரு வகைகளும் சந்தையில் 2 மீட்டர், 4 மீட்டர் என்ற நீளங்களிலும் வருகின்றன. அவற்றையும் நாலு முழம், எட்டு முழம் என்றே சொல்லிவிடுகிறார்கள். எனவே முழத்தை மட்டும் எழுதினால் வாங்குபவருக்கு எந்த நீளம் வரும் என்று தெரியாது, மீட்டரை மட்டும் எழுதினால் அது ஒற்றையா இரட்டையா என்று பழைய வழக்கில் தேடுபவருக்குப் புரியாது. இரண்டையும் எழுத வேண்டும்.

34 சென்டிமீட்டர் வேறுபாடு ஒரு பொருட்டா என்று தோன்றலாம். இரட்டை வேட்டியை நீளவாக்கில் பாதியாக மடித்து, இரண்டு அடுக்காக்கித்தான் கட்டுகிறோம். ஆகவே உடம்பைச் சுற்றும் நீளம் 3.66 மீட்டரில் 1.83 ஆகவும், 4 மீட்டரில் 2 ஆகவும் இருக்கும். இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டர் உள்ள இளைஞருக்கு இரண்டுமே தாராளமாகப் போதும். சுற்றளவு 110 சென்டிமீட்டர் உள்ள ஒருவருக்கோ, முதல் வேட்டியில் ஒரு சுற்றுப் போக 73 சென்டிமீட்டரும், இரண்டாவதில் 90 சென்டிமீட்டரும் முன்புறம் மேற்கொண்டு போர்த்துவதற்குக் கிடைக்கும். ஒரு சாணுக்கும் குறைவான அந்த 17 சென்டிமீட்டர் வேறுபாடுதான், படியேறும்போது வேட்டி விலகுகிறதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. பருமனான உடல்வாகு உள்ளவர்கள் வேட்டியைத் திருப்பி அனுப்புவதற்கு இது முக்கியமான காரணம் என்பதால், மடித்த பின் உள்ள நீளத்தையும் குறிப்பில் தருவது நல்லது.

நாம் எடுத்துக்கொண்ட சரக்கில் மூன்று வேட்டிகளும் 3.67, 3.65, 3.66 மீட்டர் என்று வந்தன; துவைத்ததும் ஒன்று 3.55 ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ரசீதில் இருந்த ‘4 மீட்டர்’ தவறு. இது எட்டு முழ வேட்டி. குறிப்பில் புதிதாக உள்ள நீளம் 3.65 மீட்டர் என்றும், ஒரு துவைப்புக்குப் பின் ஏறத்தாழ 3.55 மீட்டர் என்றும் எழுத வேண்டும். பருத்தியில் மூன்று விழுக்காடு சுருங்குவது குறையன்று. சொல்லாமல் விடுவதுதான் குறை.

பஞ்சகச்ச வேட்டி விற்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ‘9 x 5’, ‘10 x 6’ என்று அதன் மேல் எழுதியிருப்பதை நீளம், அகலம் என்று புதியவர்கள் எடுத்துக்கொண்டு, ஒன்பது முழ நீளம், ஐந்தடி அகலம் என்றெல்லாம் எழுதிவிடுகிறார்கள். முதல் எண் வேட்டியின் முழ அளவு. இரண்டாவது எண் உடன்வரும் அங்கவஸ்திரத்தின் முழ அளவு. அதாவது 9 x 5 என்றால் ஏறத்தாழ 4.1 மீட்டர் வேட்டியும் 2.3 மீட்டர் அங்கவஸ்திரமும் அடங்கிய இணை. இதைச் சொற்களில் விரித்து எழுதிவிடுங்கள்.

எல்லோரும் விட்டுவிடும் அளவு

நீளத்தை எழுதும் பலர் அகலத்தை எழுதுவதில்லை. வேட்டியின் அகலமே கட்டியபின் அதன் உயரம். பரவலாகக் கிடைக்கும் அகலம் 50 அங்குலம், அதாவது 1.27 மீட்டர். இடுப்பில் ஒன்றிரண்டு சுற்றுச் சுருட்டிவிட்டுக் கணுக்கால் வரை இறங்க நடுத்தர உயரமுள்ளவருக்கு இது போதுமானது. ஆறடிக்கு மேற்பட்டவர்கள் 52 அங்குலமோ அதற்கு மேலோ தேடுவார்கள். அவர்கள் கண்ணுக்கு இந்த எண் உடனே தென்பட வேண்டும்.

அகலத்தை இரு தலைப்புகளிலும் நடுவிலும் ஆக மூன்று இடங்களில் அளவுங்கள். நெசவில் இழுப்பு சீராக இல்லாத வேட்டியில் இந்த மூன்றும் ஒன்றாக இருக்காது. அத்தகைய வேட்டியை இரண்டாக மடித்தால் அடிப்பக்கத்தில் ஒரு கரைக்குக் கீழே மற்றொரு கரை எட்டிப் பார்க்கும். விரல் அகலத்துக்கு அப்படித் தெரிந்தால் அந்த வேட்டியை விற்பனையிலிருந்து எடுத்துவிடுவதே முறை.

கரையை அளப்பது

கரையின் அகலம் என்று எதைச் சொல்கிறோம் என்பதில்தான் குழப்பம் பிறக்கிறது. நம் வேட்டியில் வெளியோரத்திலிருந்து 3 சென்டிமீட்டர் பச்சைப் பட்டை, அதையடுத்து அரை சென்டிமீட்டர் வெள்ளை இடைவெளி, அதற்கு மேல் அரை சென்டிமீட்டர் ஜரிகைக் கம்பி. வியாபாரி இவை மூன்றையும் சேர்த்து 4 சென்டிமீட்டரை ‘ஒன்றரை அங்குலக் கரை’ என்கிறார். வாங்குபவரோ பச்சைப் பட்டையே ஒன்றரை அங்குலம் என்று எண்ணிக்கொள்வார். மாப்பிள்ளைத் தோழர்கள் எல்லோரும் ஒரே மாதிரி கட்ட வேண்டும் என்று பத்து வேட்டி வாங்குபவருக்கு இந்த வேறுபாடு பெரிது. ஆகவே மொத்த அகலத்தையும், அதன் உட்பிரிவுகளையும் ஓரத்திலிருந்து வரிசையாக எழுதுங்கள்.

அடுத்து, கரை இரு பக்கமும் ஒன்றா என்று பாருங்கள். கட்டிய வேட்டியில் மேல்கரை இடுப்பில் சுருண்டு மறைந்துவிடும். கீழ்க்கரைதான் கணுக்காலருகே தெரியும். இதனால் சில வேட்டிகளில் ஒரு பக்கம் பெரிய கரையும் மறுபக்கம் சிறு கரையும் நெய்கிறார்கள். அப்படியிருந்தால் இரண்டு அளவுகளையும் தந்து, பெரிய கரை கீழே வரும்படி கட்ட வேண்டும் என்று ஒரு வாக்கியம் சேர்த்துவிடுங்கள். தலைப்பில் குறுக்குக் கோடு உண்டா என்பதையும் சொல்லலாம்.

நிறத்தைப் பொறுத்தவரை ‘பச்சை’ என்று மட்டும் எழுதுவது போதாது. இலைப் பச்சை, கிளிப் பச்சை, பாசிப் பச்சை என்று நம்மிடம் சொற்கள் இருக்கின்றன. எந்தப் பச்சை என்று சொல்லுங்கள். தமிழ்நாட்டில் கரையின் நிறச் சேர்க்கை கட்சிக் கொடியை நினைவூட்டுவதாகவும் அமைந்துவிடும். அதை விரும்பி வாங்குபவர்களும் உண்டு, தவிர்க்க நினைப்பவர்களும் உண்டு என்பதால், இரண்டு மூன்று நிறங்கள் அடுத்தடுத்து வரும் கரையானால் வரிசையைத் தவறாமல் எழுதுங்கள்.

துவைத்த வேட்டியில் கரையை மறுபடி கவனியுங்கள். வேட்டியின் உடல் பருத்தியாகவும், கரையில் ஓடும் ஜரிகையோ நிற நூலோ செயற்கை இழையாகவும் இருந்தால், துணி சுருங்கும் அளவுக்குக் கரை சுருங்காது. கரையோரம் அலை அலையாகத் துள்ளி நிற்கும். இஸ்திரியில் அடங்குகிற துள்ளலானால் ‘ஒவ்வொரு துவைப்புக்குப் பின்னும் கரையை இஸ்திரி போட வேண்டும்’ என்று எழுதலாம். அடங்காவிட்டால் அந்தச் சரக்கையே திருப்பிக் கொடுங்கள். சாயம் கசிகிறதா என்பதற்கும் எளிய சோதனை உண்டு. நனைத்துப் பிழிந்த வெள்ளைப் பருத்தித் துணியைக் கரையின் மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் சற்று அழுத்துங்கள். வெள்ளைத் துணியில் நிறம் ஏறினால் அது நாளை வேட்டியின் உடலிலும் ஏறும்.

துணியின் தன்மையைச் சொற்களில் தருவது

‘மென்மையானது, உயர்தரமானது, உடுத்த இதமானது’ என்ற மூன்றையும் எந்த வேட்டிக்கும் எழுதலாம்; அதனாலேயே அவை எதையும் சொல்வதில்லை. தொட்டுப் பார்க்க இயலாதவருக்கு நான்கு செய்திகள் தேவை: எந்த நூல், எவ்வளவு கனம், எவ்வளவு ஊடுருவித் தெரியும், துவைத்தபின் எப்படி மாறும்.

நூலை நெசவாளர்கள் நம்பரால் சொல்வார்கள். ஒரு பவுண்டு நூலில் 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை அடங்குமோ அதுவே அந்த நூலின் நம்பர். ஆகவே நம்பர் கூடக் கூட இழை மெலிகிறது. 40-ஆம் நம்பர் வேட்டி தடிப்பாக, தினசரிப் புழக்கத்துக்குத் தாங்குவதாக இருக்கும். 100-ஆம் நம்பர் வேட்டி மெல்லியதாக, வழுவழுப்பாக இருக்கும். ஆனால் நம்பர் கூடியது எப்போதும் மேலானது என்று எழுதிவிடாதீர்கள். மெல்லிய இழையில் நெய்த நாலு முழ ஒற்றை வேட்டி வெயிலில் நின்றால் உள்ளாடை தெரியும். அதே துணி இரட்டை வேட்டியில் இரண்டு அடுக்காக வரும்போது அந்தக் குறை தெரியாது. வாங்குபவருக்கு இதைச் சொல்லித் தருவது விற்பவரின் கடமை.

கனத்தை எடையால் சொல்லலாம். சமையலறைத் தராசே போதும். நம் வேட்டி புதிதாக 365 கிராம் என்று வைத்துக்கொண்டால், 3.65 மீட்டர் நீளமும் 1.27 மீட்டர் அகலமும் சேர்ந்து 4.64 சதுர மீட்டர்; ஆக ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 79 கிராம். துவைத்தபின் அதே வேட்டி 340 கிராம் ஆனால், குறைந்த 25 கிராம் பெரும்பாலும் கஞ்சி. கஞ்சி ஓரளவு இருப்பது இயல்பு. புது வேட்டியின் மொடமொடப்பு அதிலிருந்துதான் வருகிறது. நெசவு நெருக்கமில்லாத துணியைக் கனமாகக் காட்ட மிகுதியாகக் கஞ்சி ஏற்றுவதும் உண்டு. துவைத்த வேட்டி கந்தல் போலத் துவண்டு, இழைகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது. ஊடுருவித் தெரிவதைச் சோதிக்க, துவைத்த வேட்டியின் ஓர் அடுக்கை உள்ளங்கை மேல் விரியுங்கள். ரேகைகள் தெரிந்தால் ‘ஓர் அடுக்கில் மெல்லியது’ என்றும், கையின் நிழல் மட்டும் தெரிந்தால் ‘ஓர் அடுக்கிலேயே ஓரளவு மறைக்கும்’ என்றும் எழுதுங்கள்.

‘நூறு விழுக்காடு பருத்தி’ என்று எழுதுமுன் தலைப்பிலிருந்து நீளவாக்கில் ஓர் இழை, குறுக்குவாக்கில் ஓர் இழை எனப் பிரித்தெடுத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிவது போல் மணந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். ஒரு வாக்கில் பருத்தியும் மறுவாக்கில் கலப்பும் வைத்து நெய்வது உண்டு என்பதால் இரண்டையும் சோதிக்க வேண்டும். வெண்பட்டு வேட்டி என்று விற்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சேலம் வெண்பட்டுக்குப் பெயருண்டு. அந்தப் பெயரில் செயற்கைப் பட்டும் விலைபோகிறது. உண்மைப் பட்டு எரியும்போது தலைமயிர் கருகும் நாற்றம் வரும், நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும். செயற்கைப் பட்டானால் ‘ஆர்ட் சில்க்’ என்று வெளிப்படையாக எழுதுங்கள். அந்த விலைக்கு அதைத் தேடுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவ்வாறே, விசைத்தறி வேட்டியைக் கைத்தறி என்று எழுதக் கூடாது. கைத்தறி என்று சொல்வதற்குக் கூட்டுறவுச் சங்கத்தின் ரசீதோ கைத்தறி முத்திரையோ கையில் இருக்க வேண்டும்.

உடுத்தத் தயாரா?

‘ரெடிமேட்’ என்ற ஒரு சொல் மூன்று வேறு நிலைகளுக்கு வழங்குகிறது. இரு தலைப்புகளையும் மடித்துத் தைத்துச் சலவை செய்து மடித்து வைத்த சாதாரண வேட்டியைச் சிலர் அப்படிச் சொல்கிறார்கள். இடுப்பில் வெல்க்ரோ வைத்துத் தைத்த, ‘ஒட்டிக்கோ கட்டிக்கோ’ என்று மக்கள் கேட்கும் வேட்டியையும் அப்படியே சொல்கிறார்கள். கச்சமும் கொசுவமும் தைத்து, கால்சட்டை போல் ஏறி நின்று உடுத்தும் பஞ்சகச்சமும் ரெடிமேடுதான். எந்த வகை என்று சொல்லாமல் அந்தச் சொல்லைப் போட்டால், கட்டத் தெரியாத இளைஞர் வெல்க்ரோ இருக்கும் என்று நம்பி வாங்கி, திருமண நாள் காலையில் நான்கு மீட்டர் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். எனவே வெல்க்ரோ உண்டா இல்லையா, பை உண்டா இல்லையா, தலைப்புகள் தைக்கப்பட்டவையா என்று மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். இல்லை என்பதையும் எழுத வேண்டும்.

வெல்க்ரோ வேட்டியில் அளவுகள் வேறாகின்றன. சாதாரண வேட்டியை உயரத்துக்கு ஏற்பச் சுருட்டிக் கூட்டிக் குறைக்கலாம். இடுப்புப் பட்டை தைத்த வேட்டியில் அது முடியாது. எனவே துணியின் அகலம் 1.27 மீட்டர் என்று எழுதுவது பயனற்றது. மேல்பகுதி மடித்துத் தைத்தபின் இடுப்பிலிருந்து அடிக்கரை வரை எஞ்சும் உயரம் எவ்வளவு என்பதைத்தான் தர வேண்டும். தைத்த வேட்டியை மேசையில் வைத்து அதை அளவுங்கள். வாங்குபவர் தம் உடலில் வேட்டி கட்டும் இடத்திலிருந்து கணுக்கால் எலும்பு வரை அளந்து ஒப்பிட்டுக்கொள்ளும்படி ஒரு வாக்கியமும் சேருங்கள். இடுப்புச் சுற்றளவுக்கு ‘எல்லோருக்கும் பொருந்தும்’ என்று எழுதாமல், வெல்க்ரோ முழுமையாக ஒட்டும் மிகக் குறைந்த சுற்றளவையும் மிகக் கூடிய சுற்றளவையும் அளந்து எழுதுங்கள். ஒட்டும் பட்டை ஓரத்தில் இரண்டு விரல் அளவே பிடித்தால் அது உட்கார்ந்து எழும்போது விட்டுவிடும். ஆகவே அந்த நிலையைக் கடைசி அளவாகக் கொள்ளக் கூடாது.

எழுதி முடித்த குறிப்பு

நாம் எடுத்துக்கொண்ட வேட்டிக்கு இவ்வாறு எழுதலாம்:

> ஆண்களுக்கான எட்டு முழ இரட்டை வேட்டி; வெள்ளை உடல், இலைப் பச்சைக் கரை. நீளம் 3.65 மீட்டர், மடித்தபின் ஏறத்தாழ 1.82 மீட்டர். அகலம் 1.27 மீட்டர். ஒரு துவைப்புக்குப் பின் நீளம் ஏறத்தாழ 3.55 மீட்டரும் அகலம் 1.25 மீட்டரும் இருக்கும். கரை இரு பக்கமும் ஒரே அளவு: ஓரத்திலிருந்து 3 செ.மீ. பச்சை, 0.5 செ.மீ. வெள்ளை, 0.5 செ.மீ. ஜரிகைக் கம்பி, மொத்தம் 4 செ.மீ. உடல் முழுப் பருத்தி, 80-ஆம் நம்பர் நூல், விசைத்தறி நெசவு. எடை 365 கிராம். புதிதாக இருக்கும்போது கஞ்சியால் மொடமொடப்பாக இருக்கும், துவைத்தபின் மிருதுவாகும். ஓர் அடுக்கில் மெல்லியது, இரண்டு அடுக்காகக் கட்டும்போது மறைக்கும். கட்டிக்கொள்ளும் வேட்டி: வெல்க்ரோ இல்லை, பை இல்லை, இரு தலைப்புகளும் மடித்துத் தைக்கப்பட்டவை. துண்டு, சட்டை சேராது.

இதனுடன் நான்கு படங்கள் போதும்: மடித்த வேட்டி, கரையின் மேல் அளவுகோலை வைத்து எடுத்த அண்மைப் படம், ஓர் அடுக்கைக் கையின் மேல் விரித்த படம், ஒருவர் கட்டி நிற்கும் முழு உருவப் படம். கட்டி நிற்பவரின் உயரத்தைப் படத்தின் கீழே எழுதுங்கள். படங்களைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். மஞ்சள் விளக்கில் வெண்மை பழுப்பாகவும், பச்சை வேறு பச்சையாகவும் தெரியும்.

பொட்டலத்தின் மேல் எழுத வேண்டியவை வேறு. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள், வேட்டி, புடவை, துண்டு போன்றவற்றுக்கு எண்ணிக்கையோடு முடிவுற்ற அளவையும் குறிப்பிடச் சொல்கின்றன. தயாரிப்பாளர் அல்லது பொதிசெய்தவரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை ஆகியவையும் வேண்டும். நீங்கள் அளந்த நீளமும் அகலமும் பொட்டலத்திலும் இணையக் குறிப்பிலும் ஒன்றாக இருக்கட்டும். மொத்த வியாபாரி ஒட்டிய ‘4 மீட்டர்’ சீட்டு அப்படியே போனால், சரியாக எழுதிய உங்கள் குறிப்பே பொய்யாகத் தோன்றும்.

அதே வியாபாரியிடம் அதே பெயரில் அடுத்த கட்டு வரும்போது பழைய குறிப்பையே பயன்படுத்தத் தோன்றும். சாயம் வேறு தொட்டியில் ஏறியிருக்கும், வேறு தறியில் அகலம் ஓர் அங்குலம் குறைந்திருக்கும், கஞ்சி கூடியிருக்கும். புதிய கட்டிலிருந்து ஒரு வேட்டியை எடுத்து, பழைய கட்டில் துவைத்து வைத்த மாதிரியோடு கரையைக் கரையருகே வைத்துப் பாருங்கள். பிறகு துவைத்து அளந்து, மாறிய எண்களை மட்டும் திருத்துங்கள். பச்சை மாறியிருந்தால் படத்தையும் மாற்றி எடுங்கள்.